வெங்காய வேர் நுனிப் படத்தைப் படிப்பது எப்படி

வெங்காய வேரின் நுனியில் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கி எடுத்த படம் முதல் பார்வைக்குச் செங்கல் சுவரைப் போல இருக்கும். வரிசை வரிசையாக அடுக்கிய பெட்டிகள். பெரும்பாலான பெட்டிகளின் நடுவில் கருத்த ஒரு வட்டம். சிறிது நேரம் பார்த்த பிறகுதான், சில பெட்டிகளில் வட்டத்துக்குப் பதிலாக வேறு ஏதோ இருப்பது கண்ணில் படும். ஓரிடத்தில் சிக்குண்ட நூல்கண்டு, ஓரிடத்தில் குறுக்கே இழுத்த தடித்த கோடு, இன்னோரிடத்தில் பல்லும் பல்லும் எதிரெதிராக இருக்க விலகிப்போகும் இரண்டு சீப்புகள். இவை வெவ்வேறு வகைச் செல்கள் அல்ல. ஒரே வேலையை வெவ்வேறு அளவுக்கு முடித்திருந்தபோது ஒரே நேரத்தில் நிறுத்தப்பட்ட செல்கள்.

நிறுத்துவது ஒரு திரவம். மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு கிளேசியல் அசெட்டிக் அமிலமும் கலந்த கலவையில் வேர் நுனியை வெட்டிப் போட்டால், செல்கள் அந்தந்த நிலையிலேயே இறந்து உறைந்துவிடும். பிறகு ஏற்றும் சாயம் குரோமோசோம்களைக் கருநீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ காட்டுகிறது. ஆகவே படத்தில் எந்தச் செல்லும் பிரிந்துகொண்டிருக்கவில்லை. எந்தச் செல் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைப் பார்ப்பவர்தான் ஊகித்துச் சொல்ல வேண்டும்.

கட்டங்களின் பெயர்கள் பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும்: புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ். இடையில் செல் பிரியாமல் இருக்கும் நெடுங்காலத்துக்கு இன்டர்ஃபேஸ் என்று பெயர். நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘மைட்டாசிஸ்’ என்ற பெயரை 1882இல் உருவாக்கியவர் ஜெர்மானியரான வால்டர் ஃபிளெமிங். கட்டப் பெயர்களில் முதல் மூன்றையும் 1884இல் தாவரவியலாளர் எடுவர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் சூட்டினார். டீலோஃபேஸ் என்ற பெயர் பத்தாண்டு கழித்து மார்ட்டின் ஹைடன்ஹைன் சேர்த்தது. நிற்காமல் ஓடும் ஒரு நிகழ்ச்சியை மனிதர்கள் நான்கு துண்டாக வெட்டிப் பெயரிட்டார்கள் என்பதை மறந்துவிட்டால், படத்தில் எல்லைக்கோட்டில் நிற்கும் செல்கள் ஒவ்வொன்றும் தலைவலியாகிவிடும்.

வெங்காயத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அது கையில் கிடைக்கிறது என்பது மட்டும் காரணம் அல்ல. வெங்காயச் செல் ஒவ்வொன்றிலும் 16 குரோமோசோம்கள்தான் உண்டு. மனிதச் செல்லில் 46. எண்ணிக்கை குறைவு என்றாலும் ஒவ்வொன்றும் பூதாகரமானது. வெங்காயத்தின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 1,600 கோடி எழுத்துகள் கொண்டது, மனிதனுடையதைப் போல ஐந்து மடங்கு. அதை எட்டு வகைக் குரோமோசோம்களுக்குப் பங்கிட்டால், சராசரியாக ஒரு வெங்காயக் குரோமோசோமுக்குள் மனித மரபணுத் தொகுதி முழுவதிலும் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும். பள்ளி நுண்ணோக்கியிலும் அவை தெளிவாகத் தெரிவது இந்தப் பருமனால்தான். ஆனால் இதே பருமன், பின்னால் காணப்போவது போல, ஒரு குழப்பத்துக்கும் காரணமாகிறது.

படத்தைக் கையில் எடுத்ததும் கட்டங்களைத் தேடத் தொடங்குவது தவறான வழி. முதலில் கேட்க வேண்டியது, இது வேரின் எந்தப் பகுதி என்பது. வேரின் உச்சியில் வேர்மூடி இருக்கிறது; அதன் செல்கள் தளர்வாக, ஒழுங்கற்று, உதிரப்போவது போல இருக்கும். அதற்குப் பின்னால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஆக்குத்திசு. அங்கே செல்கள் சிறியவை, ஏறத்தாழச் சதுரமானவை. உட்கரு செல்லின் பெரும்பகுதியை நிரப்பி நிற்கும். இன்னும் மேலே போனால் செல்கள் நீள்கின்றன, உள்ளே வெற்றிடம் போன்ற நுண்குமிழ் பெரிதாகிறது, உட்கரு ஓரத்துக்கு ஒதுங்குகிறது. பிரிதல் நடப்பது நடுப்பகுதியில். படத்தில் உள்ள பெட்டிகள் அகலத்தைப் போல மூன்று நான்கு மடங்கு நீளமாக இருந்தால், அங்கே எவ்வளவு தேடினாலும் அனாஃபேஸ் கிடைக்காது. ஸ்லைடை நுனிப்பக்கம் நகர்த்தி எடுத்த வேறு படம் வேண்டும்.

அடுத்த கேள்வி, வேரின் அச்சு எந்தத் திசையில் ஓடுகிறது என்பது. நீளவாக்கில் சீவிய வேரில் செல்கள் நீண்ட வரிசைகளாக நிற்கும். அந்த வரிசை ஓடும் திசைதான் வேர் வளரும் திசை. பெரும்பாலான செல்கள் இந்த வரிசையின் போக்கிலேயே இரண்டாகின்றன, அதாவது ஒரு மகள் செல் நுனிப்பக்கமும் மற்றது தண்டுப்பக்கமும் அமையும். அதனால் குரோமோசோம்கள் நடுவில் அணிவகுக்கும் கோடு வரிசைக்குக் குறுக்கே இருக்கும். இது முன்பே தெரிந்திருந்தால், எங்கே குறுக்குக் கோட்டை எதிர்பார்க்கலாம், எந்த இரண்டு உட்கருக்கள் ஒன்றுக்கொன்று உடன்பிறப்புகளாக இருக்கலாம் என்பது பாதி விளங்கிவிடும்.

மூன்றாவது, சாயம் எது என்பது. கடையில் வாங்கும் ஸ்லைடுகளில் பெரும்பாலும் இரும்பு ஹிமடாக்சிலின் போன்ற சாயம் இருக்கும். அதில் குரோமோசோம்களும் கருக்கும், உட்கருவுக்குள் இருக்கும் உட்கருமணியும் கரும்புள்ளியாகத் தெரியும். ஃபியுல்ஜன் முறை அப்படியல்ல. அதில் வேரை 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் வைத்து, பிறகு ஷிஃப் கரைசலில் போடுவார்கள். நிறம் ஏறுவது டிஎன்ஏ மீது மட்டும். உட்கருமணியில் பெரும்பகுதி ஆர்.என்.ஏவும் புரதமும் என்பதால், சிவந்த உட்கருவுக்குள் அது வெளிறிய ஓட்டை போலத் தெரியும். ஒரே உறுப்பு ஒரு படத்தில் கரும்புள்ளி, இன்னொரு படத்தில் வெண்துளை. சாயத்தை அறியாமல் ‘உட்கருமணி இல்லை’ என்று முடிவுகட்டினால் இன்டர்ஃபேஸ் செல் புரோஃபேஸ் ஆகிவிடும்.

இனிக் கட்டங்களுக்கு வரலாம். மிகக் கடினமானதை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது: இன்டர்ஃபேஸ் எங்கே முடிகிறது, புரோஃபேஸ் எங்கே தொடங்குகிறது?

பாடநூல் ஓவியத்தில் இன்டர்ஃபேஸ் உட்கரு ஒரே சீராகப் பொடி தூவியது போல இருக்கும். உண்மையான வெங்காயப் படத்தில் அப்படி இராது. குரோமோசோம்கள் அத்தனை பெரியவையாக இருப்பதால், அவிழ்ந்து கிடக்கும் காலத்திலும் அவை உட்கருவை வலைபோல நிரப்பி, சொரசொரப்பான தோற்றம் தருகின்றன. முதன்முறை பார்ப்பவர் இந்த வலையையே நூல்கள் என்று எடுத்துக்கொண்டு, படத்தில் பாதிச் செல்களைப் புரோஃபேஸ் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். வேர் நுனிப் படங்களில் நேரும் பிழைகளில் இதுவே முதலிடம் பெறும்.

இதைத் தவிர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. உட்கருவுக்குள் ஏதாவது ஓர் இழையைப் பிடித்து, அது போகும் வழியில் கண்ணால் தொடர்ந்து போக முடிகிறதா என்று பார்க்க வேண்டும். உட்கருவின் விட்டத்தில் பாதித் தூரமாவது அறுபடாமல் தொடர முடிந்து, பக்கத்து இழைக்கும் இதற்கும் நடுவே தெளிவான வெளி தெரிந்தால் அது புரோஃபேஸ். இழை தொடங்கிய இடத்திலேயே கலங்கி வலையோடு கரைந்துபோனால் இன்டர்ஃபேஸ். இன்னொரு துணை அடையாளம் அளவு. பிரியப்போகும் செல் தன் டிஎன்ஏவை ஏற்கெனவே இரட்டித்துவிட்டதால், புரோஃபேஸ் உட்கரு அக்கம்பக்கத்து உட்கருக்களை விடப் பருத்திருக்கும்.

உட்கருமணியை மட்டும் நம்பக் கூடாது. ‘புரோஃபேஸில் உட்கருமணி மறைகிறது’ என்ற பாடநூல் வாக்கியம் பொய்யல்ல. ஆனால் அது மறைவது கட்டத்தின் கடைசிப் பகுதியில். நூல்கள் தெளிவாகத் திரண்டுவிட்ட நடுப் புரோஃபேஸிலும் உட்கருமணி நூல்களுக்கு இடையே உட்கார்ந்திருப்பதை வெங்காயப் படங்களில் அடிக்கடி காணலாம். அது இருக்கிறது என்பதற்காக அந்தச் செல்லை இன்டர்ஃபேஸ் பக்கம் தள்ளுவது தவறு.

புரோஃபேஸின் முடிவில் உட்கரு உறை சிதைகிறது. அந்த உறை சாதாரண நுண்ணோக்கியில் தனியாகத் தெரியாத அளவுக்கு மெல்லியது. ஆகவே அது போய்விட்டதா என்பதை நூல்கண்டின் விளிம்பை வைத்தே சொல்ல வேண்டும். கண்டு இன்னும் வழவழப்பான வட்டத்துக்குள் அடங்கியிருந்தால் உறை இருக்கிறது. விளிம்பு கலைந்து, குட்டையான தடித்த குரோமோசோம்கள் அங்கங்கே வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உறை போய்விட்டது. குரோமோசோம்கள் நடுக்கோட்டை நோக்கி இழுபட்டுக்கொண்டிருக்கின்றன. இந்த இடைப்பட்ட நேரத்துக்குப் புரோமெட்டாஃபேஸ் என்று தனிப் பெயர் உண்டு. நான்கு கட்டங்களோடு நிறுத்திக்கொள்ளும் செய்முறைகளில் இதைப் புரோஃபேஸோடு சேர்ப்பதா மெட்டாஃபேஸோடு சேர்ப்பதா என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். எது என்பதைவிட, கடைசிவரை ஒரே மாதிரி செய்வதுதான் முக்கியம்.

மெட்டாஃபேஸைக் கண்டுபிடிப்பது எளிது என்று நினைப்பதுண்டு. குரோமோசோம்கள் செல்லின் நடுவில் குறுக்குக் கோடாக நிற்கும் என்பதுதானே அடையாளம்? வெங்காயத்தில் அந்தக் கோடு ஒருபோதும் அளவுகோல் வைத்து வரைந்தது போல இராது. நடுக்கோட்டில் கட்டுப்பட்டு நிற்பது ஒவ்வொரு குரோமோசோமின் சென்ட்ரோமியர் என்ற இடுப்புப் பகுதி மட்டும்தான். அதன் இரண்டு நீண்ட கைகளும் மேலும் கீழுமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் பட்டையின் நடுப்பகுதி அடர்ந்தும் ஓரங்கள் பிய்ந்த துணிபோலவும் தோன்றும். பட்டை சற்றுச் சாய்ந்திருப்பதும் இயல்பே. சின்னஞ்சிறு செல்லுக்குள் கதிர்க்கோல் இழைகள் இடம் போதாமல் மூலைவாட்டத்தில் அமைந்துவிடுவதுண்டு. விலங்குச் செல் படங்களைப் பார்த்துப் பழகியவர் கதிர்க்கோலின் இரு முனைகளிலும் சென்ட்ரியோலையும் அதைச் சுற்றிய நட்சத்திரக் கதிர்களையும் தேடக்கூடும். வெங்காயச் செல்லில் அவை கிடையாது. குரோமோசோமுக்கு ஏற்றிய சாயத்தில் கதிர்க்கோல் இழைகளும் பெரும்பாலும் தெரிவதில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மேலே சொன்ன பட்டை, தட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரிவது. அதே தட்டை மேலிருந்து, அதாவது துருவத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் பட்டை தெரியாது. பதினாறு குரோமோசோம்களும் வட்டமாக விரிந்து, செவ்வந்திப் பூவைப் போலத் தோன்றும். நீளவாக்கில் சீவிய வேரில் இப்படிப்பட்ட காட்சி அரிது. வேரை அமிலத்தில் மென்மையாக்கி, கவர் கண்ணாடிக்கு அடியில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கிச் செய்யும் ஸ்லைடில் செல்கள் வரிசை கலைந்து எப்படி வேண்டுமானாலும் புரண்டு கிடக்கும். அங்கே இந்தப் பூ அடிக்கடி வரும். அதைப் புரோஃபேஸ் என்று எழுதிவிடுவது எளிது. வேறுபாடு இதுதான்: புரோஃபேஸ் நூல்கள் மெலிந்து, நீண்டு, ஒன்றுக்குள் ஒன்று சுற்றிக் கிடக்கும். பூவின் இதழ்களோ குட்டையாகத் தடித்து, எல்லாமே மையத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி நிற்கும், உட்கருமணி இராது.

அனாஃபேஸ்தான் படத்தில் மிகவும் அழகானது, மிகவும் அரியதும் அதுவே. இரட்டையாக ஒட்டியிருந்த குரோமாட்டிடுகள் பிரிந்து எதிரெதிர் துருவங்களுக்குப் போகின்றன. இழுக்கும் பிடி சென்ட்ரோமியரில் இருப்பதால் அது முன்னே செல்ல, கைகள் பின்னே இழுபடும். வெங்காயத்தின் பெரும்பாலான குரோமோசோம்களில் சென்ட்ரோமியர் நடுவிலோ நடுவுக்கு அருகிலோ இருக்கிறது. ஆகவே ஒவ்வொன்றும் துருவத்தை நோக்கி முனை வைத்த ஆங்கில V எழுத்தைப் போல வளையும். பல V எழுத்துகள் அடுத்தடுத்து நிற்பதைத் தொலைவிலிருந்து பார்ப்பதுதான் முதலில் சொன்ன சீப்பு. மெட்டாஃபேஸிலிருந்து இதைப் பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: குரோமோசோம் கூட்டம் ஒன்றா, இரண்டா? நடுவில் மெல்லிய வெளிச்சக் கீற்று விழுந்துவிட்டாலே அனாஃபேஸ் தொடங்கிவிட்டது. இரு கூட்டங்களுக்கும் நடுவே ஓரிரண்டு நீண்ட கைகள் இன்னும் விடுபடாமல் கிடந்தாலும் அது அனாஃபேஸ்தான்.

டீலோஃபேஸுக்கு மாறும் இடத்தில் மறுபடியும் எல்லைத் தகராறு வரும். கூட்டங்கள் துருவத்தை அடைந்துவிட்டன; ஆனால் கைகள் இன்னும் சீப்புப் பற்களாகத் தெரிகின்றனவா? தெரிந்தால் பின் அனாஃபேஸ். கைகள் உள்ளிழுக்கப்பட்டு, தனிக் குரோமோசோம்களைப் பிரித்தறிய முடியாதபடி ஒரே கருத்த திரளாகிவிட்டதா? அப்படியானால் டீலோஃபேஸ். இரு திரள்களும் தொடக்கத்தில் வாழைப்பழத்தைப் போல வளைந்து, குழிந்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். பிறகு மெல்ல உருண்டு, வெளிறி, உட்கருமணி மீண்டும் தலைகாட்டும்.

தாவரச் செல்லில் இன்னொரு சான்றும் கிடைக்கிறது. விலங்குச் செல் நடுவில் இறுகி இரண்டாகும். சுவர் கட்டிய தாவரச் செல்லால் அப்படி இறுக முடியாது. அதற்குப் பதிலாக நடுவில் புதுச் சுவரின் முன்வடிவான செல் தட்டு உருவாகி, உள்ளிருந்து வெளிப்பக்கம் வளர்ந்து பக்கச் சுவர்களைத் தொடுகிறது. இரு திரள்களுக்கும் நடுவில், ஓரங்களை இன்னும் எட்டாத மங்கலான ஒரு கோடு தெரிந்தால் டீலோஃபேஸ் என்பது ஏறக்குறைய உறுதி. ஏறக்குறைய என்று சொல்லக் காரணம், செல் தட்டு சில செல்களில் அனாஃபேஸின் கடைசியிலேயே அரும்பத் தொடங்கிவிடும். கோட்டைவிடக் குரோமோசோம்களின் தோற்றமே இறுதிச் சான்று. கோடு பக்கச் சுவர்களைத் தொட்டு, இரு உட்கருக்களும் உருண்டு, உட்கருமணியும் தெரிந்துவிட்டால் அவை இரண்டு இன்டர்ஃபேஸ் செல்கள், டீலோஃபேஸ் முடிந்தது.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு இந்தச் சோதனைகளை நடத்திப் பார்க்கலாம். நீளவாக்கில் சீவிய, ஹிமடாக்சிலின் சாயமிட்ட வேர். செல் வரிசைகள் இடமிருந்து வலமாக ஓடுகின்றன. நடுவில் ஒரு செல்லில் பருத்த உட்கரு, உள்ளே தெளிவான நூல்கள், நூல்களுக்கு நடுவே ஒரு கரும்புள்ளி. நூலை வெகுதூரம் தொடர முடிகிறது. ஆகவே கரும்புள்ளி இருந்தாலும் இது புரோஃபேஸ். அதற்கு இரண்டு செல் தள்ளி, வரிசைக்குக் குறுக்கே சற்றுச் சாய்ந்த, ஓரம் பிய்ந்த பட்டை. கூட்டம் ஒன்றுதான், மெட்டாஃபேஸ். கீழ் வரிசையில் சிறிய, அழுத்தமாகக் கருத்த இரண்டு உட்கருக்கள் அருகருகே நிற்கின்றன. இரண்டும் டீலோஃபேஸ் ஜோடியா? அவை ஒரே வரிசையில் இல்லை, ஒன்று மேலே மற்றது கீழே, அளவும் ஒன்றல்ல. உடன்பிறப்புகள் அல்ல என்று தள்ளிவிடலாம். வலது ஓரத்தில் ஒரே வரிசையில் இரு குட்டைச் செல்கள். ஒவ்வொன்றின் நீளமும் பக்கத்துச் செல்லில் பாதி, உட்கருக்கள் ஒரே அளவு, நடுவில் முழுச் சுவர். பிரிந்து சற்று நேரமே ஆன மகள் செல்கள் இவை; இன்டர்ஃபேஸ் கணக்கில் இரண்டு.

மேல் வரிசையில் ஒரு பெட்டி முற்றிலும் வெறுமையாக இருக்கிறது. உட்கரு இல்லாத செல் அல்ல அது. இவ்வகை ஸ்லைடுக்கு வேரை ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் தடிமனில், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சீவுவார்கள். செல்லோ அதைப்போல இரண்டு மடங்கு ஆழம் உள்ளதாக இருக்கலாம். கத்தி உட்கருவைத் தொடாமல் செல்லின் ஓரத்தை மட்டும் சீவிப் போயிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் கலங்கலாகத் தெரியும் இன்னொரு செல்லில் உட்கரு இருக்கிறது. ஆனால் குவியத்தில் இல்லை. நேரில் நுண்ணோக்கியில் பார்ப்பவர் நுண்திருகைச் சற்றுத் திருப்பி அதைத் தெளிவாக்கிக்கொள்வார். படத்துக்கு அந்த வசதி இல்லை. அது ஒரே மட்டத்தில் எடுத்த காட்சி. இந்த இரண்டு செல்களுக்கும் பெயர் வைக்காமல் விட்டுவிடுவதே நேர்மையான வழி.

அடையாளம் கண்டபின் வழக்கமாகக் கேட்கப்படுவது எண்ணிக்கை. எந்தக் கட்டத்தில் செல்கள் அதிகமாக அகப்படுகின்றனவோ அந்தக் கட்டம் நீண்ட நேரம் எடுக்கிறது என்பதே கணக்கின் அடிப்படை. பேருந்து நிலையத்தைத் திடீரென்று படம் பிடித்தால் ஓடுபவர்களைவிடக் காத்திருப்பவர்கள் அதிகம் தெரிவார்கள் அல்லவா, அதுபோல. விளக்கத்துக்காக ஒரு படத்தில் உட்கரு தெளிவாகத் தெரியும் 200 செல்களை எண்ணியதாகக் கொள்வோம். இன்டர்ஃபேஸ் 164, புரோஃபேஸ் 22, மெட்டாஃபேஸ் 5, அனாஃபேஸ் 3, டீலோஃபேஸ் 6. பிரிந்துகொண்டிருந்தவை மொத்தம் 36, அதாவது நூற்றுக்கு 18. இந்த விகிதத்துக்கு மைட்டாசிஸ் குறியீடு என்று பெயர். ஒரு செல் பிறந்து மீண்டும் இரண்டாவதற்கு 20 மணி நேரம், அதாவது 1,200 நிமிடம் ஆகிறது என்று வைத்தால், எண்ணிய ஒவ்வொரு செல்லும் 6 நிமிடத்துக்குச் சமம். புரோஃபேஸுக்கு 132 நிமிடம், மெட்டாஃபேஸுக்கு 30, அனாஃபேஸுக்கு 18, டீலோஃபேஸுக்கு 36 என்று கிடைக்கும்.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? அனாஃபேஸ் என்று எண்ணியவை மூன்றே மூன்று. பக்கத்தில் இருப்பவர் ஒரு டீலோஃபேஸைப் பின் அனாஃபேஸ் என்று மாற்றினால் 18 நிமிடம் 24 ஆகிவிடும். ஒரே ஒரு செல்லைப் பற்றிய கருத்து வேறுபாடு விடையை மூன்றில் ஒரு பங்கு உயர்த்துகிறது. அதனால்தான் ஒரு படத்தோடு நிற்காமல் பல வேர்களில் ஆயிரக்கணக்கில் எண்ண வேண்டியிருக்கிறது. 20 மணி நேரம் என்பதும் நிலையான எண் அல்ல. வேர் வளர்ந்த நீரின் வெப்பநிலை குறைந்தால் சுழற்சி நீளும். படத்தின் ஓரத்தில் நீண்ட செல்கள் சிக்கியிருந்து, அவற்றையும் இன்டர்ஃபேஸில் சேர்த்துவிட்டால் குறியீடு செயற்கையாகக் குறையும், ஏனென்றால் அவை பிரிவதையே நிறுத்திவிட்ட செல்கள். சட்டத்தின் விளிம்பில் பாதி வெட்டுப்பட்ட செல்களுக்கு இரத்த அணு எண்ணுபவர்களின் விதி உதவும்: மேல் விளிம்பையும் இடது விளிம்பையும் தொடுபவற்றைச் சேர்க்க வேண்டும், மற்ற இரு விளிம்புகளையும் தொடுபவற்றை விட்டுவிட வேண்டும்.

சில படங்களில் மேற்சொன்ன அடையாளங்கள் எதுவும் பொருந்தாமல் போகும். மெட்டாஃபேஸ் போலக் குட்டையாகத் தடித்த குரோமோசோம்கள் நிறையச் செல்களில் தெரியும். ஆனால் அவை நடுக்கோட்டில் நில்லாமல் செல் முழுவதும் சிதறிக் கிடக்கும். அனாஃபேஸைத் தேடினால் ஒன்றுகூட இராது. குரோமாட்டிடுகள் இடுப்பில் மட்டும் ஒட்டிக்கொண்டு பெருக்கல் குறியைப் போல விரிந்திருக்கும். எண்ணவும் எளிது, பொறுமையாகப் பார்த்தால் 16 வரும். இது செல்லின் கோளாறு அல்ல. வேரை நிலைநிறுத்துவதற்கு முன் கொல்கிசின் கரைசலில் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். கொல்கிசின் கதிர்க்கோல் இழைகளை உருவாகவிடாது. இழுக்க ஆளின்றிக் குரோமோசோம்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. வெங்காய வேரில் இந்த விளைவை 1938இல் விரிவாக எழுதியவர் ஸ்வீடன் நாட்டு ஆல்பர்ட் லெவான். இதே கொல்கிசின் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கிறது. மேற்கு மாவட்டங்களில் அந்த விதைக்காகவே செங்காந்தளைப் பயிரிடுகிறார்கள்.

இன்னொரு வகைப் படத்தில் அனாஃபேஸ் இருக்கும், ஆனால் ஒழுங்காக இராது. இரு சீப்புகளுக்கும் நடுவே கயிறு கட்டியது போலக் குரோமோசோம் பாலம் ஒன்று நீண்டிருக்கும். அல்லது ஒரு துண்டு எந்தப் பக்கமும் போகாமல் நடுவழியில் தனித்துக் கிடக்கும். பிரிந்து முடிந்த செல்களில் உட்கருவுக்குப் பக்கத்தில் புள்ளி போன்ற குட்டி உட்கரு தெரியலாம். கதிர்வீச்சோ வேதிப்பொருளோ குரோமோசோமை உடைத்ததன் தடயங்கள் இவை. சாயப்பட்டறைக் கழிவுநீர், பூச்சிக்கொல்லி போன்றவற்றின் நச்சுத்தன்மையை ஆராய்பவர்கள் வெங்காயத்தை அந்த நீரில் வேர்விடச் செய்து, இத்தகைய பழுதுபட்ட அனாஃபேஸ்கள் நூற்றுக்கு எத்தனை என்று எண்ணுகிறார்கள். நீளமான கை ஒன்று பிரியத் தாமதிப்பதை அவர்கள் பாலம் என்று எழுதிவிடக் கூடாது. பாலம் இரு துருவக் கூட்டங்களோடும் அறுபடாமல் இணைந்திருக்கும், தாமதிக்கும் கைகளின் நுனிகளுக்கு நடுவே உற்றுப் பார்த்தால் இடைவெளி தெரியும்.